பள்ளி விழாப் புகைப்படச் சம்மதக் கடிதம்

பள்ளி விழாப் புகைப்படச் சம்மதக் கடிதம் என்பது, ஆண்டு விழா, விளையாட்டு விழா, கண்காட்சி முதலிய சந்தர்ப்பங்களில் மாணவர்களைப் படம் எடுப்பதற்கு முன்பாக, அந்தப் படங்கள் எதற்குப் பயன்படும், எங்கே பிரசுரமாகும், யார் வசம் எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாமென்று தோன்றினால் எப்படி நீக்கச் சொல்வது என்ற விவரங்களைப் பெற்றோருக்குத் தெரிவித்து, அவர்களுடைய விருப்பத்தை எழுத்தில் பெறும் மடலாகும். காகிதத்தில் அச்சிட்டுப் பிள்ளைகளின் டைரியில் வைத்து அனுப்புவதும், வகுப்பு வாட்ஸப் குழுவில் அனுப்பிப் பதில் பெறுவதும் வழக்கம். இந்தக் கட்டுரை இந்தியப் பள்ளிகளில், குறிப்பாகத் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில், இது எவ்வாறு அமைகிறது என்பதைப் பற்றியது.

நெடுங்காலமாகப் பள்ளிகளில் இதற்கெனத் தனிக் கடிதம் எதுவும் இருந்ததில்லை. சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், கட்டண விதிகளுக்கும் சீருடை விதிகளுக்கும் நடுவே, “பள்ளி நிகழ்ச்சிகளில் எடுக்கப்படும் புகைப்படங்களைப் பள்ளியின் வளர்ச்சிக்காக உபயோகித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்” என்பது போன்ற ஒரு வாக்கியம் இருக்கும். பெற்றோர் அடியில் இடும் ஒரே கையெழுத்து அதற்கும் சேர்த்தே செல்லும். இவ்வாக்கியத்தில் ‘வளர்ச்சி’ என்ற சொல்தான் கவனிக்கத்தக்கது. விழா மலரில் அச்சாகும் குழுப் படமும் வளர்ச்சிதான். ஏப்ரல் மாதத்தில் சேர்க்கை தொடங்கும்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டப்படும் பிளெக்ஸ் பேனரில் ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்ட குழந்தையின் முகமும் வளர்ச்சிதான். முன்னதற்கு மனமுவந்து ஒப்பும் தாய் பின்னதற்கு ஒப்பமாட்டாள் என்பதை அந்த வாக்கியத்தை எழுதியவர் எண்ணிப் பார்த்ததில்லை. அல்லது எண்ணிப் பார்த்தே அப்படி எழுதினார் என்றும் சொல்லலாம்.

இத்தகைய சம்மதம் இனிச் செல்லாது என்ற நிலையை உண்டாக்கியது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஒருவரை இன்னாரென்று அறியத்தக்க எந்தத் தரவும் இச்சட்டத்தில் தனிநபர் தரவு. ஆகவே முகம் தெரியும் டிஜிட்டல் படமும் அதில் அடங்கும். பதினெட்டு வயது நிரம்பாதவர் யாவரும் குழந்தைகளே என்று இரண்டாம் பிரிவு வரையறுக்கிறது; அவர்களுடைய தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைப் பெறவேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு விதிக்கிறது. இக்கடமையில் தவறினால் இருநூறு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சட்டத்தின் கீழான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய பகுதிகள் அன்றிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலுக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. அறிவிப்பு மற்றெந்தத் தகவலையும் சார்ந்திராமல் தனியே படித்துப் புரிந்துகொள்ளத்தக்கதாய், எளிய நடையில் இருக்கவேண்டும் என்பது விதி. எனவே இவை அமலானபின், சேர்க்கை விண்ணப்பத்தில் ஒளிந்திருந்த வாக்கியம் உதவாது. ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ அதைப் படிக்கும் வாய்ப்பையும் பெற்றோருக்கு அளிக்கவேண்டும். ஆதலால் ஆங்கில வழிப் பள்ளி என்ற காரணத்தைக் காட்டித் தமிழ்ப் பிரதியை மறுக்க இயலாது.

சம்மதம் சுதந்திரமாகவும், நிபந்தனையற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கே உரியதாகவும் இருக்கவேண்டும் என்று ஆறாம் பிரிவு கூறும் இலக்கணத்தை ஒரு கடிதத்தில் எவ்வாறு பொருத்துவது என்பதை உதாரணத்தால் விளக்குவதே நன்று. ஜனவரி மாத இறுதியில் ஆண்டு விழா நடத்தும் ஒரு மேனிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் படமெடுக்கிறார். பள்ளி விழா மலர் ஒன்றை வெளியிடுகிறது. அதற்கு இணையதளமும் உண்டு. அப்பள்ளி விழாவுக்கு மூன்று வாரம் முன்னதாக அனுப்பத்தக்க கடிதம் ஏறக்குறைய இவ்விதம் இருக்கும்:

“அன்புள்ள பெற்றோர்க்கு, வணக்கம். ஆண்டு விழாவில் தங்கள் பிள்ளை கலந்துகொள்ளும் நிகழ்ச்சியைப் பள்ளியின் சார்பில் ஒரு புகைப்படக்காரர் படமெடுப்பார். படங்களைத் தவிர வேறெந்தத் தகவலையும் அவருக்கு நாங்கள் தருவதில்லை. அப்படங்களை மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்த விரும்புகிறோம். மூன்றுக்கும் தனித்தனியே ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று குறிக்கவும். முதலாவது, பள்ளி அலுவலகத்தில் வைத்திருக்கும் ஆல்பம். இரண்டாவது, மாணவர்களுக்கு வழங்கப்படும் அச்சு மலர்; இதில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரும். மூன்றாவது, பள்ளியின் இணையதளம்; இதில் படம் மட்டும் வரும், பெயர் வராது. விளம்பரப் பலகைகளுக்கு இப்படங்களைப் பயன்படுத்தமாட்டோம்; என்றேனும் அதற்கு வேண்டியிருந்தால் குறிப்பிட்ட படத்தைக் காட்டித் தனியே கேட்போம். புகைப்படக்காரர் பிப்ரவரி 15-க்குள் எல்லாப் படங்களையும் ஒப்படைத்துத் தம்மிடமுள்ள பிரதிகளை அழித்துவிடுவார். பள்ளியில் அவை அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கும். திறக்கும் அனுமதி தலைமையாசிரியருக்கும் அலுவலக உதவியாளருக்குமே உண்டு. ஆல்பத்துக்கும் மலருக்கும் இணையதளத்துக்கும் தேர்ந்தெடுக்காத படங்கள் ஜூன் 1 அன்று அழிக்கப்படும். இணையதளப் படங்கள் ஒரு வருஷத்தில் நீக்கப்படும். தாங்கள் எதற்கும் சம்மதிக்காவிட்டாலும் பிள்ளை நிகழ்ச்சியில் வழக்கம்போல் கலந்துகொள்ளும். பின்னால் மனம் மாறினால், இந்தச் செய்திக்கே ‘நீக்கவும்’ என்று பதில் அனுப்பினால் போதும். ஏழு நாளில் இணையதளத்திலிருந்தும் கணினியிலிருந்தும் நீக்குவோம். அச்சாகி வெளிவந்த மலரைத் திரும்பப் பெற எங்களால் இயலாது. எங்கள் பதிலில் குறையிருந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடத் தங்களுக்கு உரிமை உண்டு. அதற்கான வழி கீழே தரப்பட்டுள்ளது.”

இக்கடிதத்தில் சில இடங்களை நின்று பார்ப்பது பயனுள்ளது. மலரில் பெயரும், இணையதளத்தில் பெயரின்மையும் என்று பிரித்திருப்பது தற்செயலன்று. முகம் மட்டும் உள்ள படத்தைப் பார்க்கும் அந்நியன் ஒரு குழந்தையைப் பார்க்கிறான், அவ்வளவே. முகத்தோடு பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி நான்கும் சேர்ந்துவிட்டால், மாலை நான்கு மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் நின்று அக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, “உன் அப்பா அனுப்பினார்” என்று சொல்ல அவனுக்குப் போதிய செய்தி கிடைத்துவிடுகிறது. படத்தின் அடியில் பெயர் போடாத பள்ளிகளும் பல சமயம் கோப்புக்குக் குழந்தையின் பெயரையும் வகுப்பையும் சூட்டி அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுகின்றன. சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையும் பெரிதாக்கினால் தெளிவாகவே தெரியும். ஏற்றுவதற்கு முன் கோப்பின் பெயரை எண்ணாக மாற்றுவதும், பட்டை தெரியும் படத்தை ஒதுக்குவதும் இரண்டு நிமிஷ வேலைகள்.

புகைப்படக்காரரைப் பற்றிய வாக்கியத்தைப் பெரும்பாலான பள்ளிகள் எழுதுவதேயில்லை. கரஸ்பாண்டன்ட் அறையில் பூட்டிய அலமாரி இருக்கலாம். ஆனால் படங்களின் முதற்பிரதி ஸ்டூடியோக்காரரின் மெமரி கார்டிலும், அவருடைய கணினியிலும், ஆல்பம் வடிவமைக்கும் வேறொருவரின் பென்டிரைவிலும் கிடக்கிறது. அடுத்த ஆண்டு அவர் தம் கடை முகப்பில் மாதிரிப் படமாக அதே குழந்தையை வைத்தால், பள்ளி தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தன் சார்பில் தரவைக் கையாள்பவரைச் செல்லத்தக்க ஒப்பந்தத்தின் பேரிலேயே அமர்த்தவேண்டும் என்றும், அவர் செய்வதற்கும் அமர்த்தியவரே பொறுப்பு என்றும் எட்டாம் பிரிவு தெளிவாகச் சொல்லுகிறது. ஒப்பந்தம் நீண்டதாக இருக்கவேண்டியதில்லை. ஒப்படைக்கும் தேதி, அழிக்கும் தேதி, வேறெதற்கும் உபயோகிப்பதில்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் ரசீதுத்தாளின் பின்புறத்தில் அடங்கும். பாக்கித் தொகையை அழித்ததற்கான எழுத்து வந்தபின் கொடுப்பது அனுபவஸ்தர்களின் உபாயம்.

சரிபார்க்கத்தக்க சம்மதம் என்பதைக் கண்டு சிறு பள்ளிகள் அஞ்சவேண்டியதில்லை. சம்மதிப்பவர் வயது வந்தவர் என்பதையும் அவர் இன்னாரென்பதையும் அறிந்துகொள்ள, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள நம்பத்தக்க அடையாள, வயது விவரங்களையே துணைக்கொள்ளலாமென விதிகள் அனுமதிக்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் விவரங்கள் அவ்வாறு இருக்குமானால், அங்கே குறித்த எண்ணிலிருந்தே பதில் வருகிறதா என்று பார்த்தால் போதும். மாணவன் தானே தகப்பனார் கையெழுத்தை இட்டுக் கொண்டுவரும் புராதனக் கலை இங்கேதான் தோல்வியுறுகிறது. பதில் வராமலிருப்பதைச் சம்மதமாகக் கொள்வதும் பிழை. “மறுப்பவர்கள் மட்டும் தெரிவிக்கவும்” என்று முடியும் கடிதம் சட்டத்தின் கண்ணில் வெற்றுக் கடிதமே, ஏனெனில் சம்மதம் தெளிவான ஒரு செயலால் வெளிப்படவேண்டும்.

நடைமுறையில் கடினமானது, சிலர் மறுத்தபின் என்ன செய்வது என்பதே. நாற்பது பேர் ஆடும் கும்மியில் இருவரின் பெற்றோர் இணையதளத்துக்கு ‘வேண்டாம்’ என்று குறித்திருக்கிறார்கள் என்க. அவ்விருவரையும் ஆட்டத்திலிருந்து விலக்குவது சம்மதத்தை நிர்ப்பந்தமாக்கிவிடும். அவர்கள் கையில் சிவப்பு நாடா கட்டுவதோ, ஏனென்று தோழிகள் கேட்கும் நிலைக்கு அவர்களை ஆளாக்கும். இவ்விதச் சங்கடமின்றிச் செய்வது இவ்வாறு: வகுப்பாசிரியர் பட்டியலை மேடை அமைப்பாளரிடம் கொடுத்து, குழுப் படத்துக்கு நிற்கும்போது இருவரையும் வரிசையின் ஒரே ஓரத்தில் நிறுத்தச் சொல்லுகிறார்; ஆல்பத்துக்கு முழுப் படமும், இணையதளத்துக்கு ஓரம் வெட்டிய படமும் உருவாகின்றன. ஆட்டத்தின் நடுவே எடுத்த படங்களில் முகத்தை மங்கலாக்குவதைவிட வேறு படத்தைத் தேர்வதே மேல். மங்கிய முகம் எல்லோருடைய கண்ணையும் அங்கேயே இழுக்கும். பெற்றோர் மறுப்பதற்குக் காரணம் கேட்கலாகாது. குடும்ப வழக்கில் தாய் இருப்பிடத்தை மறைத்து வாழலாம். குழந்தை பாதுகாப்பு இல்லத்திலிருந்து வரலாம். பின்னவர்களைப் பொறுத்தவரை, இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் எழுபத்துநான்காம் பிரிவு அடையாளத்தை வெளிப்படுத்துவதையே தடைசெய்கிறது. அங்கே பெற்றோரின் கையெழுத்தும் பள்ளிக்கு அனுமதியாகாது.

கடிதம் எட்டாத இடமும் உண்டு. பார்வையாளர் வரிசையிலிருந்து தகப்பனார்கள் செல்போனில் எடுக்கும் படங்கள் சொந்த, இல்ல உபயோகத்துக்கானவை என்ற அளவில் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை வாட்ஸப் குழுவில் விழுந்த கணத்தில் குழுவிலுள்ள ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதியாகிவிடும். பள்ளி அதை நீக்குவதாக வாக்களிப்பது பொய்யாகும். ஆகையால் நேர்மையான கடிதம் அப்படங்களைப் பற்றி உறுதி எதுவும் கொடுப்பதில்லை; மற்றப் பிள்ளைகள் தெரியும் படங்களைப் பொதுவில் போடவேண்டாமென்று விழா மேடையிலிருந்து ஒருமுறை கேட்டுக்கொள்வதோடு நின்றுவிடுகிறது.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப்போலவே சுலபமாக இருக்கவேண்டும். ஒரு தொடுதலில் பெற்ற சம்மதத்தை, நேரில் வந்து தலைமையாசிரியருக்கு மனு எழுதினால்தான் ரத்துச் செய்வோம் என்பது செல்லாது. திரும்பப் பெறுவதற்கு முன் நடந்தவை அதனால் சட்டவிரோதமாவதில்லை. அச்சான மலர் அப்படியே இருக்கும். மாணவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியபின் இவ்வுரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கே சேருகிறது; எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் எடுத்த படத்தை நீக்கும்படி, அவர் கல்லூரியிலிருந்தே பள்ளிக்கு எழுதலாம்.