கையெழுத்து நிபுணர் சாட்சியம்

இந்திய நீதிமன்றங்களில் கையெழுத்து நிபுணரின் கருத்து நீதிபதிக்குத் துணையே தவிர, அவரைக் கட்டுப்படுத்தாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது.

இக்கருத்தை மட்டுமே நம்பித் தண்டிப்பது ஆபத்து என்று 1977இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. பின்னர் முராரி லால் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதற்கு எல்லை வகுத்தார். கொலை நடந்த வீட்டு நோட்டுப் புத்தகத்தில், பட்டம் பெற்றும் வேலையில்லை என்ற குறிப்பு கிடைத்திருந்தது. அதை எழுதியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே என்றார் நிபுணர். துணைச் சான்று இல்லாவிட்டால் கருத்தை ஏற்கவே கூடாது என்ற விதி ஏதுமில்லை, காரணங்களை அலசி, அவை நம்பும்படி இருந்தால் ஏற்கலாம் என்றது தீர்ப்பு. எழுத்துகளை நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்கவும் 73ஆம் பிரிவு அனுமதித்தது.

காரணம் சொல்லாத வெறும் முடிவு, எவ்வளவு பெரிய நிபுணருடையதானாலும், எடுபடாது. ஒப்பிட எடுத்த மாதிரி எழுத்து சம்பந்தப்பட்டவருடையதுதான் என்று நிரூபிக்கப்படாவிட்டாலும் அறிக்கை விழுந்துவிடும்.