எஸ்.ஐ.ஆர். தொற்றுநோய் மாதிரி

எஸ்.ஐ.ஆர். மாதிரி என்பது ஒரு மக்கள்தொகையில் தொற்றுநோய் எவ்வாறு பரவி, உச்சத்தை அடைந்து, பின்னர் தணிகின்றது என்பதை விளக்கும் எளிய கணித மாதிரி ஆகும். இது மக்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவில் இருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் எத்தனை பேர் நகர்கின்றனர் என்பதைக் கணக்கிடுகின்றது. இதன் அடிப்படையை வில்லியம் கெர்மாக், ஆண்டர்சன் மெக்கென்றிக் ஆகிய இருவரும் 1927 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தனர். மெக்கென்றிக் முன்னதாக இந்தியாவில் கசௌலி நகரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர். கெர்மாக் ஒரு வேதியியலாளர். 1924 இல் ஆய்வக விபத்தில் பார்வையை இழந்தவர்.

## மூன்று பிரிவுகள்

* S – இதுவரை தொற்றாதவர்கள், ஆனால் தொற்றுக்கு உள்ளாகக்கூடியவர்கள்.
* I – தொற்று உள்ளவர்கள். பிறருக்கும் அதைப் பரப்பக்கூடியவர்கள்.
* R – நோயில் இருந்து மீண்டு எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள். நோயால் இறந்தவர்களும் இப்பிரிவிலேயே சேர்க்கப்படுவர்; ஏனெனில் அவர்களும் மேற்கொண்டு நோயைப் பரப்புவதில்லை.

நகர்வு S இல் இருந்து I க்கும், I இல் இருந்து R க்கும் மட்டுமே நிகழும். மீண்டவர் மறுபடியும் நோயுறுவதில்லை எனக் கொள்ளப்படுகின்றது. நோய்ப்பரவல் நிகழும் குறுகிய காலத்தில் பிறப்பு, இடப்பெயர்வு ஆகியவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆகவே மூன்று பிரிவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் மாறாது.

## நகர்வு விதிகள்

ஒரு நாளில் நிகழும் நகர்வுகளைப் பின்வருமாறு எழுதலாம்.

```
புதிய தொற்றுகள் = a × S × I
மீள்வோர்        = b × I
```

முதல் விதியில் S, I இரண்டும் பெருக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். தொற்று ஏற்பட, தொற்றுடைய ஒருவரும் தொற்றாத ஒருவரும் சந்திக்க வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் அத்தகைய சந்திப்புகள் குறையும். a என்பது சந்திப்பு எவ்வளவு எளிதில் தொற்றாக மாறுகின்றது என்பதைக் குறிக்கும் எண். b என்பது தொற்றுடையோரில் ஒரு நாளில் மீளும் பங்கு. நோய்க்காலம் சராசரியாக 4 நாட்கள் எனில் b இன் மதிப்பு 0.25 ஆகும்.

நோய் பெருகுமா, தணியுமா என்பதை இவ்விரு விதிகளையும் ஒப்பிட்டே அறியலாம். புதிய தொற்றுகள் மீள்வோரை விட அதிகமாக இருக்கும்வரை I கூடும். இரண்டும் சமமாகும் நிலையில் a × S = b ஆகும். அதாவது S = b ÷ a. இந்த எண்ணே மாதிரியின் வாயில் மதிப்பு. S இதற்கு மேல் இருந்தால் நோய் பரவும். கீழே இருந்தால் தானாகவே தணியும். தொடக்க மக்கள்தொகையை வாயில் மதிப்பால் வகுத்தால் கிடைப்பது அடிப்படை இனப்பெருக்க எண் (R<sub>0</sub>) எனப்படும். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருவார் என்பதை அது சொல்கின்றது.

## எடுத்துக்காட்டு: உறைவிடப் பள்ளியில் காய்ச்சல்

1978 சனவரியில் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் இன்ஃபுளுவென்சா பரவியது. அங்கு 763 மாணவர்கள் இருந்தனர். ஒவ்வொரு நாளும் படுக்கையில் இருந்தோரின் எண்ணிக்கை பதிவு செய்யப்பட்டது: 3, 8, 26, 76, 225, 298, 258, 233, 189, 128, 68, 29, 14, 4. வெளியுலகில் இருந்து பெருமளவு பிரிந்த ஒரே கூட்டம் என்பதால் இத்தரவு பாடநூல்களில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது.

இத்தரவுக்குப் பொருந்தும் மதிப்புகளாக a = 0.00218, b = 0.44 ஆகியவை கணிக்கப்பட்டுள்ளன. ஒரே ஒரு நோயாளியுடன் தொடங்கினால் S = 762, I = 1. அப்போது தொற்றும் வேகம் நாளொன்றுக்கு 0.00218 × 762 × 1 = 1.66 பேர், மீளும் வேகம் 0.44 மட்டுமே. எனவே நோய் விரைந்து பெருகுகின்றது.

வாயில் மதிப்பு 0.44 ÷ 0.00218, அதாவது சுமார் 202. R<sub>0</sub> = 763 ÷ 202, அதாவது சுமார் 3.8. தொற்றாதோர் 202 ஆகக் குறையும் நாளே உச்சம். மாதிரியின்படி அன்று 293 பேர் நோயுற்றும், 268 பேர் மீண்டும் இருப்பர். பள்ளிப் பதிவில் உச்சம் 298.

உச்சத்திற்குப் பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். வாயில் மதிப்பை எட்டியவுடன் நோய் நின்றுவிடுவதில்லை. பெருகுவதை மட்டுமே நிறுத்துகின்றது. அந்நேரத்தில் நோயுற்றிருக்கும் 293 பேர் மேலும் பலருக்குப் பரப்புவர். இறுதியில் மாதிரி தரும் கணக்கில் தொற்றாமல் தப்புவோர் ஏறத்தாழ 19 பேர் மட்டுமே. உச்சத்திற்குப் பின்னரே சுமார் 183 பேர் தொற்றுக்கு உள்ளாகின்றனர். மாறாக, தொடக்கத்திலேயே 561 பேருக்கு மேல் எதிர்ப்பாற்றல் இருந்திருந்தால் S வாயில் மதிப்புக்குக் கீழே இருந்திருக்கும்; நோய் பரவியிராது. தடுப்பூசி எல்லோருக்கும் போடப்படாவிட்டாலும் கூட்டத்தைக் காக்கக்கூடும் என்பதன் அடிப்படை இதுவே.

எனினும் ஒரு முரண்பாடு உள்ளது. மாதிரியின்படி 744 பேர் நோயுற்றிருக்க வேண்டும்; பள்ளிப் பதிவிலோ 512 பேரே நோயுற்றனர். நாள்வாரி வளைவு நன்கு பொருந்தியும் மொத்த எண்ணிக்கை பொருந்தவில்லை. படுக்கையில் இருப்போரும் நோயைப் பரப்புவோரும் ஒரே கூட்டத்தினர் அல்லர் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஒருவர் படுக்கைக்குச் செல்லும் முன்பே நோயைப் பரப்பியிருக்கலாம். படுத்த பின்னர் பிறரைச் சந்திப்பது குறைந்திருக்கும். சிலர் அறிகுறியின்றித் தொற்றுக்கு உள்ளாகியிருக்கலாம். சிலருக்கு முன்பே எதிர்ப்பாற்றல் இருந்திருக்கலாம்.

## பொருந்துதலும் சரியாதலும்

1927 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இத்தகைய எச்சரிக்கைக்கு இடமுண்டு. கெர்மாக்கும் மெக்கென்றிக்கும் தமது மாதிரியை 1905 திசம்பர் முதல் 1906 சூலை வரை பம்பாயில் நிகழ்ந்த பிளேக் இறப்புகளுடன் ஒப்பிட்டனர். வாரந்தோறும் நிகழ்ந்த இறப்புகள் மணி வடிவ வளைவுடன் அழகாகப் பொருந்தின. அவ்வளைவின்படி மொத்த இறப்பு சுமார் 9,000.

ஆனால் பம்பாயின் மக்கள்தொகை பல இலட்சம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தொற்றாமல் எஞ்சியிருந்தபோதே நோய் தணிந்தது. அந்நகரில் பிளேக் முதன்மையாக எலித் தெள்ளுகள் வழியாகப் பரவியது. 1896 முதல் ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில் பெருகிக் குறைந்தும் வந்தது. எனவே வளைவு இறங்கியதற்குத் தொற்றாதோர் குறைந்ததைவிட, எலிகளிலும் தெள்ளுகளிலும் பருவத்தால் ஏற்பட்ட மாற்றமே காரணம் எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். a, b ஆகியவை மாறாதவை என்ற எடுகோள் இங்கு பொருந்தவில்லை. இவ்வெடுகோள்கள் முழுமையாக நிறைவேறவில்லை என்பதைக் கட்டுரையாசிரியர்களே ஒப்புக்கொண்டிருந்தனர்.

ஏறி இறங்கும் வளைவு பல காரணங்களால் உருவாகக்கூடியது. ஆகவே வளைவு பொருந்துகின்றதா என்பதோடு, கிடைத்த வாயில் மதிப்பு, நோய்க்காலம், மொத்தத் தொற்று ஆகியவை தனியே அறிந்த செய்திகளுடன் ஒத்துப்போகின்றனவா என்பதையும் சோதித்தல் வேண்டும்.

## விரிவாக்கங்கள்

தொற்றியும் இன்னும் பரப்பத் தொடங்காதவர்களுக்கு நான்காம் பிரிவு ஒன்றைச் சேர்த்தால் எஸ்.ஈ.ஐ.ஆர். மாதிரி கிடைக்கும். எதிர்ப்பாற்றல் காலப்போக்கில் மறையும் நோய்களுக்கு R இல் இருந்து S க்குத் திரும்பும் வழி சேர்க்கப்படும். வயது, இடம் ஆகியவற்றின்படி மக்களை மேலும் பிரிப்பதும் உண்டு. ஏனெனில் எல்லோரும் எல்லோரையும் ஒரே அளவில் சந்திக்கின்றனர் என்ற எடுகோள் பள்ளி விடுதிக்கு ஓரளவு பொருந்தினாலும், ஒரு நாட்டிற்குப் பொருந்தாது.