அகராதி வரிசையும் ஒருமுறைக் கணிப்பும்

தமிழ்ச் சொற்களைக் கணினியில் யூனிகோடு எண்களின்படி அடுக்கினால் அகராதி வரிசை கிடைப்பதில்லை. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமைந்துள்ளன. வகரம் ழகரத்துக்குப் பின் வருகிறது. அதனால் படம், பழம், பறவை, பனை என நிற்க வேண்டிய நான்கு சொற்கள் படம், பனை, பறவை, பழம் என நிற்கும். புள்ளியின் எண் மெய்களின் எண்களையும் உயிர்க்குறிகளின் எண்களையும் விடப் பெரியது என்பதால், பகலுக்கு முன் வர வேண்டிய பக்கமும் பின்னே தள்ளப்படுகிறது.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை மதிப்பைக் கணித்து அதன்படி அடுக்க வேண்டும். ககரம் 1 முதல் னகரம் 18 வரை மெய்யின் இடம் ஓர் எண். அதனுடன் சேர்ந்த உயிரின் இடம் மற்றோர் எண். புள்ளி இருந்தால் 0. இம்முறையில் ‘பழம்’ (9,1), (15,1), (10,0) ஆகிறது. ‘பனை’ (9,1), (18,9) ஆகிறது. தனி உயிருக்கு மெய்யின் இடத்தில் 0 இடப்படும். ஒகரக் குறி ஒரே குறியாகவும், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் பதிவாகக்கூடும். ஆகவே அடுக்கத் தொடங்குமுன் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு வேலையும் சேர்ந்தால் மதிப்பைக் கணிப்பது மலிவான செயல் அன்று.

இந்தக் கணிப்பை ஒப்பீட்டுக்குள்ளேயே வைத்தால் செலவு பெருகும். தாறுமாறாகக் கிடக்கும் 50,000 சொற்களை ஒன்றிணைப்பு முறையில் அடுக்க ஏறத்தாழ 7 லட்சம் ஒப்பீடுகள் தேவை. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இரு சொற்களின் மதிப்பும் கணிக்கப்படுவதால் கணிப்புகள் 14 லட்சத்தை நெருங்கும். உண்மையில் வேண்டியவை 50,000 மட்டுமே.

ஒப்பனையிட்டு அடுக்கும் முறை இந்த மிகைச்செலவை நீக்குகிறது. முதலில் ஒவ்வொரு பதிவின் முன்னும் அதன் மதிப்பு ஒட்டப்படுகிறது. ஒட்டிய மதிப்பைக் கொண்டு அடுக்கப்படுகிறது. பின்பு ஒப்பனை கலைக்கப்பட்டுப் பதிவுகள் மட்டும் எடுக்கப்படுகின்றன. லிஸ்ப் வழக்கிலிருந்து வந்த இம்முறையை ரான்டல் ஷ்வார்ட்ஸ் 1994-இல் பெர்ல் மொழியில் ஒரே தொடராக எழுதிக் காட்டினார். பைத்தானில் அது இப்படி அமையும்:

```python
d = [(key(e["word"]), i, e)
     for i, e in enumerate(entries)]
d.sort()
entries = [e for _, _, e in d]
```

நடுவில் நிற்கும் `i` தேவையற்றதுபோல் தோன்றும். ஆனால் முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பூமாலைக்கு ஒன்று, அந்திப் பொழுதுக்கு ஒன்று என ‘மாலை’க்கு இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டின் மதிப்பும் சமம். `i` இல்லாவிட்டால் ஒப்பீடு அடுத்த உறுப்பான பதிவுக்கே செல்லும். பதிவுகளைச் சிறியது பெரியது என ஒப்பிட முடியாததால் பைத்தான் 3 `TypeError` காட்டி நின்றுவிடும். ஒத்த சொற்கள் இல்லாத சிறு பட்டியலில் சோதிக்கும்போது இப்பிழை வெளிப்படாது. முழு அகராதியை இட்ட பிறகே தெரியவரும். `i` இருந்தால் சமமான பதிவுகள் முன்பிருந்த வரிசையிலேயே நிற்கும். ஆனால் `d.sort(reverse=True)` என்று இறங்கு வரிசை கேட்டால் `i`-யும் தலைகீழாகி, ஒத்த சொற்களின் வரிசையும் புரண்டுவிடும்.

2004-இல் வந்த பைத்தான் 2.4 இந்த மூன்று படிகளையும் `entries.sort(key=...)` என்பதற்குள் அடக்கிவிட்டது. அங்கு ஒப்பிடப்படுபவை மதிப்புகள் மட்டுமே என்பதால் `i` வேண்டியதில்லை; இறங்கு வரிசையிலும் சமமானவை இடம் மாறுவதில்லை. எல்லா மொழிகளும் இப்படியல்ல. ரஸ்டின் `sort_by_key` ஒப்பீடுதோறும் மதிப்பைக் கணிக்கக்கூடும். ஒருமுறை மட்டும் கணிப்பதற்கு `sort_by_cached_key` தனியே உள்ளது.

மற்றொரு வழி, ஒப்பீட்டை அப்படியே விட்டுவிட்டு, கணித்த மதிப்பைக் கேஷில் சேமிப்பது. பெர்லில் இதற்கு `||=` குறியைப் பயன்படுத்துவர். மதிப்பு 0 ஆக இருந்தால் அக்குறி அதை இல்லாததாகவே கருதி, ஒவ்வொரு முறையும் மீண்டும் கணிக்கும். கோப்புகளை அளவுப்படி அடுக்கும்போது வெற்றுக் கோப்புகள் இப்படித்தான் சேமிப்பின் பயனை இழக்கின்றன. விடை சரியாகவே வருவதால் இதைக் கண்டறிவது கடினம். கணிப்புச் சார்பு எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 2007-இல் வந்த பெர்ல் 5.10-இன் `//=` இக்குறையைத் தீர்த்தது. பைத்தானின் `lru_cache`, அளவு குறிப்பிடாவிட்டால் 128 விடைகளையே வைத்திருக்கும். 50,000 சொற்களை ஒப்பீட்டுச் சார்பால் அடுக்கும்போது பழைய மதிப்புகள் தொடர்ந்து வெளியேற்றப்படும்.

`key=` ஏற்கெனவே பதிவுக்கு ஒருமுறைதான் கணிக்கிறது என்பதால், ஒரே பட்டியலை ஒருமுறை அடுக்குவதற்குக் கேஷ் ஏறக்குறைய எதையும் மிச்சப்படுத்தாது. சொற்கள் சேரச் சேர அகராதி மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் இடத்தில்தான் அது பயன் தரும். அப்போதும் சொல்லையே அடையாளமாகக் கொண்டு மதிப்பைச் சேமிக்க வேண்டும். பதிவின் எண்ணை அடையாளமாக வைத்தால், தலைச்சொல்லின் எழுத்துப்பிழையைத் திருத்திய பின்னும் அது பழைய இடத்திலேயே நிற்கும்.