மறைந்த பங்கைத் தேடுதல்

பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத பங்கு மதிப்பிழந்ததாகிவிடாது. வர்த்தகம் நிறுத்தப்பட்டதா, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதா, வேறு நிறுவனத்தோடு இணைந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பழைய பெயரை இட்டால் நிறுவனத்தின் இன்றைய நிலை தெரியும். இணைந்திருந்தால், அடுத்துத் தேட வேண்டியது பங்கு மாற்று விகிதம்.

மதுரையில் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஒரு பங்குக்கு இரண்டு என்பது விகிதம். ஆகவே பெட்டியில் கிடக்கும் 100 பங்குச் சான்றிதழ், 200 ஐசிஐசிஐ பங்குகளுக்கான உரிமை. 2014-இல் 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகப் பிரிக்கப்பட்டபோது அது 1,000 ஆனது. 2017-இல் பத்துக்கு ஒன்று போனஸ் சேர்ந்து 1,100. இணைப்போடு கணக்கை நிறுத்துபவர்கள் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள்.

ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படும். நிதியத்தின் தளத்தில் பெயரைத் தேடி, IEPF-5 படிவத்தில் கோரலாம். வாரிசுகளுக்கும் அதே வழிதான்.

எல்லா இணைப்பும் இப்படி முடிவதில்லை. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது பங்கு மூலதனம் முழுதும் ரத்தானது. பங்குதாரர்களுக்கு மாற்றுப் பங்கு எதுவும் தரப்படவில்லை.