கண்ணுக்குள்ளே ‘பைல்’ இருக்கிறதா?

பக்கவாதம் என்ற வார்த்தையை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்துப் பாருங்கள். பக்கம் என்றால் ‘சைடு’, வாதம் என்றால் ‘விண்ட்’. ஆக, ‘சைடு விண்ட்’! ஏதோ வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறதே தவிர, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் படுத்திருக்கும் மனிதர் அதில் தெரிகிறாரா?

இந்தக் குளறுபடிக்குப் பழைய காரணம் உண்டு. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று உடம்பில் நான்கு திரவங்கள்... அவை ஏறி இறங்குவதுதான் நோய்! இது கிரேக்கர்கள் போட்ட கணக்கு. ‘ஹ்யூமர்’ என்று அதற்குப் பெயர். அதையே படித்து வளர்ந்த ஐரோப்பியர்கள், நம் வைத்தியர்களின் வாதம், பித்தம், கபத்தையும் அதே டப்பாவில் போட்டு ‘விண்ட், பைல், ஃப்ளெம்’ என்று லேபிள் ஒட்டிவிட்டார்கள். அந்த நான்கில் காற்றே கிடையாது என்பதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை!

சித்த மருத்துவம் என்னதான் சொல்கிறது? வாதம் என்பது உடம்பில் நடக்கிற அசைவு. வாயுக்கள் பத்து. அதில் அபானன் மலம், சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. வியானன் கை கால்களை நீட்டி மடக்குகிறது. பக்கவாதத்தில் கெட்டுப்போவது இந்த அசைவுதான். அதனால் அதற்குச் சரியான இங்கிலீஷ் ‘ஹெமிப்ளீஜியா’.

பித்தம் ஐந்து வகை. அதில் ஆலோசகப் பித்தம் கண்ணில் இருந்து பார்வை தருகிறதாம். ‘பைல்’ என்று எழுதினால், கல்லீரல் சுரக்கிற பித்தநீர் கண்ணுக்குள் எப்படி வந்தது என்று டாக்டர் சிரிப்பார். கபத்திலும் ஐந்து. சந்திகக் கபம் மூட்டுகள் உராயாமல் வழவழப்பாக வைப்பது. அதை ‘ஃப்ளெம்’ என்றால் முழங்காலில் சளி கட்டியதாக ஆகிவிடும்!

‘அப்படியென்றால் வாதம்னா நரம்பு மண்டலம், பித்தம்னா ஜீரணம்னு எழுதிடலாமே?’ என்பீர்கள். அதுவும் அரைகுறைதான். பார்வையும் பித்தத்தில் வருகிறதே! ரத்தப் பரிசோதனையில் அளந்து சொல்கிற சரக்கும் இல்லை இது. ஆகவே, வாதம் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவதே யோக்கியமான மொழிபெயர்ப்பு.

வெறும் வார்த்தைச் சண்டை இல்லை இது. நெஞ்சு வலித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று நாமே பெயர் வைத்து ஓமத் தண்ணீர் குடிக்கிறோம். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். டாக்டரிடம் போனால் ‘கேஸ்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, கைக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா... இதைச் சொல்லுங்கள். பெயர் வைக்கிற வேலை அவருடையது!