ஸ்டீவன்ஸின் கண்ணீரை யார் பார்த்தார்கள்?

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்தை 1961இல் வெளிவந்த தம் நூலில் வகுத்துத் தந்தவர் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத். படைப்பு முழுவதிலும் உள்ளோட்டமாக இருக்கும் மதிப்பீடுகளோடு கதைசொல்லியின் பேச்சு ஒத்துப்போகாதபோது அவரை நம்பகமற்றவர் என்றார் அவர். தேர்வுத்தாளில் இந்த வரையறையை எழுதிவிடுவது எளிது. ஒரு நாவலில் அதை நிறுவிக் காட்டுவதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 'தன்னிலையில் கதை சொல்கிறார், ஆகவே நம்ப முடியாது' என்று எழுதிவிடுவோர் பலர். தன்னிலை ஐயத்துக்கு இடம் தருமே தவிர, அதுவே சான்றாகிவிடாது.

கஸுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' (1989) இதற்கு நல்ல பயிற்சிக்களம். டார்லிங்டன் மாளிகையின் முதிய பட்லர் ஸ்டீவன்ஸ், 1956 ஜூலையில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்குக் காரில் போகிறார். முன்பு அங்கே வேலைபார்த்த மிஸ் கென்டனைச் சந்திப்பது அவர் நோக்கம். வழியெல்லாம் பழைய நாட்களை நினைவுகூர்கிறார். நாவல் முழுக்க அவர் குரல் ஒன்றுதான். அவரை மறுத்துச் சொல்ல வேறு கதைசொல்லி கிடையாது. அப்படியானால் அவர் சொல்வதில் பிசகு இருப்பது நமக்கு எப்படித் தெரிகிறது?

முதல் வழி, அவர் எடுத்துச்சொல்லும் பிறர் பேச்சு. 1923இல் மாளிகையில் ஒரு பன்னாட்டு மாநாடு நடக்கிறது. மாடியில் ஸ்டீவன்ஸின் தந்தை சாகக் கிடக்கிறார். கீழே மகன் விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். தாம் அழுததாக அவர் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால் விருந்தினர்களில் இளைஞரான கார்டினல், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்கிறார். பிறகு டார்லிங்டன் பிரபுவே, அழுவதுபோல் தெரிகிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுக்க உழைத்த களைப்பு என்று பதில் சொல்கிறார். கண்ணீர் வாசகருக்கு எட்டுவது பிறர் வாய்வழியாக மட்டுமே. இத்தனைக்கும் பின்னால், அந்த இரவைத் தம் தொழில்வாழ்வின் வெற்றியாக அவர் நினைவுகூர்கிறார். நடந்ததை அவர் மறைக்கவில்லை. அதற்கு அவர் இடும் மதிப்புதான் நம்மை உறுத்துகிறது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. மூடிய கதவுக்கு உள்ளே மிஸ் கென்டன் அழுகிறாள் என்ற உறுதியோடு, நடைகூடத்தில் தாம் நின்ற ஒரு கணம் ஸ்டீவன்ஸுக்கு நினைவிருக்கிறது. முதலில் அதை அவளுடைய அத்தை இறந்த செய்தி வந்த நாளோடு சேர்க்கிறார். பின்னொரு பகுதியில், அது வேறொரு இரவாக இருக்கலாம் என்று திருத்துகிறார். அந்த இரவில்தான் தன்னை மணக்கக் கேட்டவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு அவள் திரும்பியிருந்தாள். அத்தைக்காக அழுதாள் என்றால் ஸ்டீவன்ஸுக்கு அதில் பங்கில்லை. அந்த இரவில் அழுதாள் என்றால், அவளைத் தடுத்து ஒரு சொல் பேசாத அவருக்கும் பங்குண்டு.

முதுமையில் தேதி மாறுவது யாருக்கும் நேர்வதுதான். மாறும் நினைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி. ஸ்டீவன்ஸின் முதல் நினைவு, அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பயணத்துக்கு முன் மிஸ் கென்டன் அவருக்கு எழுதிய கடிதத்திலும் இதே கதைதான். மாளிகைக்குத் திரும்பிவர அவள் விரும்புவது அதில் தெரிகிறது என்று தொடக்கத்தில் நம்புகிறார்; மறுபடி படித்த பின், அப்படி வெளிப்படையாக எங்கும் எழுதியில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தவறவிடக்கூடாது. அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் நாவலில் (1926) கதைசொல்லி உண்மையை நன்கறிந்தே நம்மிடம் மறைக்கிறார். ஸ்டீவன்ஸ் அந்த வகையல்லர். வழியில் சந்திப்பவரிடம், டார்லிங்டன் பிரபுவிடம் வேலை பார்த்ததில்லை என்று அவர் பொய் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பொய்யையும் நம்மிடம் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு சமாதானம் தேடுகிறார். ஆகவே 'ஸ்டீவன்ஸ் வாசகரை ஏமாற்றுகிறார்' என்று எழுதினால் பாதி தவறு. அவர் ஏமாற்றிக்கொள்வது பெரும்பாலும் தம்மையே.

மறுகோடிக்குப் போய் அவர் சொல்வது அனைத்தையும் சந்தேகிப்பதும் ஆகாது. மாநாடு நடந்தது, தந்தை இறந்தார் என்பவற்றையும் ஐயுற்றால், பிசகை அளக்க நமக்குக் கோலே இல்லாமல் போகும். எதை நம்புகிறோம், எங்கிருந்து நம்ப மறுக்கிறோம் என்று கட்டுரையில் எல்லை குறித்துவிடுவது நல்லது.

1993இல் ஜேம்ஸ் ஐவரி இயக்கத்தில் இந்நாவல் திரைப்படமானது. அந்தோணி ஹாப்கின்ஸின் முகத்தில் அடக்கப்பட்ட துயரத்தைக் கேமரா நேரடியாகவே காட்டிவிடுகிறது. நாவலிலோ அதே துயரத்தை ஸ்டீவன்ஸின் சொற்களுக்குப் பின்னால் நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தலைப்பில் கட்டுரை எழுத முடியாது.