இரும்பு வளையத்தில் தொடங்கிய கணக்கு

ஒரு இரும்பு வளையத்தின் ஒரு பாதியை மட்டும் சூடாக்கி விட்டுவிட்டால், வெப்பம் சூடான பாதியிலிருந்து குளிர்ந்த பாதிக்கு நகரும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்பதே பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜோசப் ஃபூரியர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1768-ல் ஓசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் உடன் சென்று திரும்பியபின், 1802-ல் கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்ட இசேர் மாவட்டத்தின் நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். கோப்புகளுக்கு நடுவே வெப்பக் கணக்கும் நடந்தது.

வளையத்தில் சூட்டின் பரவல் எப்படி வேண்டுமானாலும் தொடங்கலாம். அந்த வடிவம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே போகும். ஆனால் ஒரே ஒரு வகை வடிவம் மட்டும் மாறாது. வளையத்தைச் சுற்றி ஒரு முறையோ இரண்டு முறையோ மூன்று முறையோ முழுதாக ஏறி இறங்கும் சைன் அலை, தன் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தில் மட்டும் குறையும். குறையும் வேகமும் ஒழுங்கானது. காற்றில் போகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒருமுறை ஏறி இறங்கும் அலை பாதியாகத் தேயும் அதே நேரத்தில் இரண்டுமுறை ஏறி இறங்கும் அலை 16-ல் ஒரு பங்காகவும், மூன்றுமுறை ஏறி இறங்குவது 512-ல் ஒரு பங்காகவும் தேய்ந்துவிடும். ஆகவே எந்தத் தொடக்க வடிவத்தையும் இப்படிப்பட்ட அலைகளின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே தேயவிட்டு மறுபடி கூட்டினால் போதும். சைன் அலைகளை அவர் தேடிப் போனது அழகுக்காக அல்ல; வெப்பம் வடிவம் கெடாமல் விட்டுவைப்பது அவற்றைத்தான் என்பதற்காக.

எந்த வடிவத்தையும் அப்படி எழுத முடியும் என்று 1807 டிசம்பரில் பாரிஸ் கழகத்துக்கு அனுப்பிய ஆய்வுரையில் ஃபூரியர் சொன்னார். முனையும் உடைவும் உள்ள கோட்டை வழவழப்பான அலைகளால் கட்ட முடியும் என்பதை லக்ராஞ்சு ஏற்கவில்லை. கழகம் அந்த உரையை வெளியிடவும் இல்லை. அதே பொருளில் நடந்த போட்டிக்கு 1811-ல் விரித்து எழுதி அனுப்பியபோது பரிசு கிடைத்தது. நிறுவலில் கண்டிப்பு போதாது என்ற குறையும் கூடவே வந்தது. குறை நியாயமானதுதான். எந்த நிபந்தனையில் இது செல்லும் என்பதை 1829-ல் டிரிக்லே நிறுவிய பிறகே அடித்தளம் உறுதியானது. அந்த 1811 கட்டுரையில்தான் ஃபூரியர் வளையத்தை விட்டு முடிவில்லாத நீளமுள்ள கம்பிக்குச் சென்றார். வளையத்தில் அலை முழு எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். முடிவற்ற கம்பியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லா அதிர்வெண்களும் வரலாம், கூட்டல் தொகையீடாக மாறும். இன்று ஃபூரியர் உருமாற்றம் எனப்படுவது இதுவே.

கலந்துகிடக்கும் கூட்டிலிருந்து ஓர் அலை எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஊஞ்சலை நினைத்தால் விடை தெரியும். ஊஞ்சலின் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்துகொண்டே போகும். ஒத்துவராத தாளத்தில் தள்ளினால் ஒரு தள்ளல் உதவும், அடுத்தது தடுக்கும். நெடுநேரம் தள்ளினாலும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கணக்கிலும் அதேதான். சமிக்ஞையின் ஒவ்வொரு மதிப்பையும் தேடும் அலையின் அதே இடத்து மதிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், இறக்கத்தில்கூடக் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்க மிகை எண்ணே வரும், கூட்டுத்தொகை பெருகும். தாளம் ஒத்துவராவிட்டால் மிகையும் குறையும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

சமிக்ஞைச் செயலாக்க வகுப்பில் முதல் பயிற்சியாக வரக்கூடிய ஒரு கணக்கில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நொடியில் சம இடைவெளியில் எடுத்த 8 மாதிரிகள் இவை: 4, 7.07, 6, 7.07, 4, −7.07, −14, −7.07. பார்த்தால் ஒருபுறம் சாய்ந்த மேடும் பள்ளமும் தெரியுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படாது.

நொடிக்கு இரண்டு சுற்று ஓடும் கொசைன் அலை இந்த 8 இடங்களில் எடுக்கும் மதிப்புகள் 1, 0, −1, 0, 1, 0, −1, 0. பெருக்கினால் பூச்சியங்கள் விழுந்துவிட, மிஞ்சுவன 4, −6, 4, 14. கூட்டினால் 16. நொடிக்கு ஒரு சுற்று ஓடும் சைன் அலையின் மதிப்புகள் 0, 0.707, 1, 0.707, 0, −0.707, −1, −0.707. பெருக்கினால் 0, 5, 6, 5, 0, 5, 14, 5, கூட்டினால் 40. ஒரு பெருக்கல்கூடக் குறை எண்ணாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று சுற்று ஓடும் சைன் அலையோடு பெருக்கினால் 0, 5, −6, 5, 0, 5, −14, 5 வருகிறது, கூட்டுத்தொகை பூச்சியம். உள்ளே அந்த அலை இல்லை.

16-ம் 40-ம் அலைகளின் உயரம் அல்ல. உயரம் 1 உள்ள அலையைத் தன்னோடு பெருக்கிக் கூட்டினாலே 8-ல் பாதி, அதாவது 4 வரும். ஆகவே 4-ஆல் வகுக்க வேண்டும். உள்ளே இருப்பது நொடிக்கு இரண்டு சுற்று ஓடும் உயரம் 4 உள்ள கொசைன், ஒரு சுற்று ஓடும் உயரம் 10 உள்ள சைன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் முதலில் கொடுத்த 8 எண்களும் அப்படியே திரும்பி வரும்.

ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் சைன், கொசைன் இரண்டையும் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன ஒரு சுற்று அலையை அதே அதிர்வெண் கொண்ட கொசைனோடு பெருக்கினால் விடை பூச்சியம். அலை இருக்கிறது, ஆனால் கால் சுற்று தள்ளித் தொடங்குகிறது. அதனால் கொசைனின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இரண்டு அளவுகளையும் சேர்த்து வைத்தால்தான் அலை எப்போது தொடங்கினாலும் தப்பாது. இந்த இரண்டையும் ஒரே கலப்பெண்ணாகக் கட்டித் தருவது எழுத்துச் சிக்கனம் மட்டுமே.

இதையே கணினியில் செய்ய மூன்று வரி போதும்:

```python
import numpy as np
x = np.array([4, 7.07, 6, 7.07, 4, -7.07, -14, -7.07])
print(np.round(np.abs(np.fft.fft(x)), 1))
```

திரையில் வரும் எண்கள் வரிசையாக 0, 40, 16, 0, 0, 0, 16, 40. எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் 40 என்பது ஒரு சுற்றுக்கும் 16 என்பது இரண்டு சுற்றுக்கும் உரியவை. பயிற்சி விடைகளில் தவறு நுழைவது பெரும்பாலும் கடைசி இரண்டு எண்களில்தான். ஆறும் ஏழும் அதிர்வெண்ணுள்ள அலைகளும் உண்டு என்று அவற்றைப் படித்துவிடுகிறார்கள். நொடிக்கு 8 முறை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு ஏழு சுற்று முன்னோக்கி ஓடுவதும் ஒரு சுற்று பின்னோக்கி ஓடுவதும் ஒன்றே. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவது இதனால்தான். ஆகவே வரிசையின் பின்பாதி முன்பாதியின் கண்ணாடிப் பிம்பம். நொடிக்கு 8 மாதிரி எடுத்தால் நான்கு சுற்றுக்குக் கீழுள்ளவற்றையே நம்பிப் படிக்கலாம்.

இன்னொரு இடர் இதைவிடச் சூழ்ச்சியானது. உயரம் 1 உள்ள கொசைன் நொடிக்கு ஒன்றரைச் சுற்று ஓடுகிறது என்று வைத்து இதே கணக்கைப் போட்டால், பூச்சியம் முதல் நான்கு வரையுள்ள இடங்களில் 1, 2.4, 2.8, 1.2, 1 என்று வருகிறது. இருப்பது ஒரே அலை. தெரிவதோ எல்லா இடங்களிலும் சிதறிய சாயல். ஒன்றரைக்கு என்று வரிசையில் இடம் கிடையாது. தன் சுற்றைப் பாதியில் விட்டு நிற்கும் அலை எந்த முழுச் சுற்று அலையோடும் முழுதாகக் கழிந்துபோவதில்லை. இதைக் கசிவு என்பார்கள். கூர்மையான ஒற்றைத் தூண் வரவேண்டிய இடத்தில் இருபுறமும் சரியும் குன்று வந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். பதிவின் நீளத்தை மாற்றிப் பார்க்கும்போது குன்றின் வடிவம் மாறினால் சந்தேகம் உறுதியாகும்.

பதிவின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கடல் ஏற்றவற்றம் காட்டிக்கொடுத்தது. சந்திரனால் எழும் முதன்மை அலைக்கு 12 மணி 25 நிமிடம், சூரியனால் எழுவதற்குச் சரியாக 12 மணி. ஒரு நாள் பதிவில் இரண்டும் நாளுக்கு இரண்டு சுற்று என்றே ஒட்டிக்கிடக்கும். ஒன்று மற்றதைவிட ஒரு முழுச் சுற்று முந்த ஏறத்தாழ 15 நாள் ஆகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உள்ள இடைவெளி அது. அவ்வளவு நீளப் பதிவு இருந்தால்தான் பெருக்கிக் கூட்டும் கணக்கு இரண்டையும் பிரிக்கும். அலைகளைப் பிரிக்கும் இந்த முறையைக் கடலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. பிரித்தெடுத்த அலைகளைக் கப்பிகளால் மறுபடி கூட்டி நாளைய கடல் மட்டத்தை வரைந்துகாட்டும் இயந்திரத்தையும் 1870-களின் தொடக்கத்தில் அவர் செய்வித்தார். இந்தியத் துறைமுகங்களுக்காக இன்னொன்று 1879-ல் லண்டனில் கட்டப்பட்டது.

பெருக்கல்களின் எண்ணிக்கைதான் நெடுநாள் தடையாக நின்றது. 8 மாதிரிக்கு 64 பெருக்கல். 1024 மாதிரிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். 1965-ல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட குறுக்குவழி, முன்னே தொல்லையாக வந்த மயக்கத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. மாதிரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு கூறாக்கினால், 4, 6, 4, −14 என்ற முதல் கூறின் இடங்களில் ஒரு சுற்று அலையும் ஐந்து சுற்று அலையும் ஒரே மதிப்புகளையே எடுக்கும். ஆகவே ஒன்றுக்குப் போட்ட கணக்கு ஐந்துக்கும் பயன்படும். இரண்டாம் கூறுக்குச் சிறு திருத்தம் செய்து சேர்த்தால் போதும். அந்த நாலையும் இரண்டிரண்டாகப் பிளக்கலாம். இப்படிப் பிளந்துகொண்டே போனால் 1024 மாதிரிக்கான வேலை ஏறத்தாழ பத்தாயிரம் பெருக்கல்களுக்குள் அடங்கிவிடும். மேலே உள்ள `fft` என்ற பெயரின் முதல் எழுத்து இந்த வேகத்தைக் குறிப்பதுதான்.

இந்தக் குறுக்குவழி புதிதல்ல என்பது பிறகே பரவலாகத் தெரியவந்தது. பல்லாஸ் என்னும் சிறுகோளின் பாதையை 12 அளவீடுகளிலிருந்து கணிக்கையில், இதே பிளக்கும் முறையைக் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் லத்தீனில் எழுதிவைத்திருந்தார். எழுதியது 1805-ஐ ஒட்டி. ஃபூரியரின் ஆய்வுரை பாரிஸுக்குப் போவதற்கும் முன்பு. காஸ் இறந்தபின், 1866-ல் வெளிவந்த அவருடைய நூல் தொகுதியில்தான் அது அச்சேறியது.